அப்பாவின் கணக்கும் மேலாளருக்கு ஒரு கடிதமும்

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, என் தந்தை கடந்த மாதம் இயற்கை எய்தினார். நான் அவருக்கு ஒரே மகன். அவருடைய கணக்கில் உள்ள பணத்தை எனக்கு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: இறப்புச் சான்றிதழ்.”

அப்பாவை இழந்த மகன் வங்கிக்கு முதலில் எழுதுகிற கடிதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. மேலாளர் படிப்பார், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வார். பணம் மட்டும் வராது. அவர் கல்நெஞ்சக்காரர் என்பதல்ல காரணம். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவரால் எதையும் செய்ய முடியாது. எந்தக் கணக்கு, எத்தனை வைப்பு, நாமினி யார் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, “ஒரே மகன்” என்ற சொல் அவரை உஷார்ப்படுத்தும். ஒரே மகன் என்றால் ஒரே வாரிசு என்று அர்த்தமில்லை. மகள் இருக்கலாம், மனைவி இருக்கலாம், இறந்தவரைப் பெற்ற தாயும் உயிரோடு இருக்கலாம்.

மேலாளரின் கவலை ஒன்றே ஒன்றுதான். இன்று இந்தப் பிள்ளையிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொருவர் வக்கீலோடு வந்து “என் பங்கு எங்கே?” என்று கேட்டால், வங்கி இரண்டாவது முறையும் கொடுக்க வேண்டி வருமா? வங்கி கேட்கும் ஒவ்வொரு காகிதமும் இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு பகுதிக்குப் பதில். இறந்தது உண்மையா? கணக்கு அவருடையதுதானா? கேட்பவர் யார்? வேறு உரிமையாளர்கள் உண்டா? அவர்களுக்குச் சம்மதமா? இந்த ஐந்துக்கும் ஒரே தடவையில் பதில் சொல்லும் கடிதம்தான் நல்ல கடிதம். எத்தனை உருக்கமாக எழுதினோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் இருக்கும் இணைப்புப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

எழுத உட்காரும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அப்பா கணக்கை எப்படி விட்டுச் சென்றிருக்கிறார்? பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் வைப்பு ரசீதையும் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து, “இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்” என்ற முறையில் தொடங்கிய கணக்கானால் வேலை சுலபம். பணம் அம்மாவுக்குப் போகும். இறப்புச் சான்றிதழும் அம்மாவின் அடையாள, முகவரிச் சான்றும் கோரிக்கைப் படிவமும் போதும். நாமினி பதிவு செய்திருந்தாலும் இதே மூன்றுதான். இந்த இரண்டு வகையிலும் வாரிசு சான்றிதழோ, ஈட்டுறுதிப் பத்திரமோ, ஜாமீனோ கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் யாராவது கேட்டால், விதியைச் சுட்டிக்காட்டி எழுத்தில் காரணம் கேட்கலாம்.

நாமினியாக இருக்கும் மகன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாமினிக்குப் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. ஆனால் பணம் நாமினிக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ZA பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாமினி வாங்கிவைக்கும் கை மட்டுமே. வாரிசுகளின் பங்கு வாரிசுகளுக்குத்தான். “அப்பா என் பேரைத்தானே போட்டிருக்கார்” என்று தங்கையிடம் சொல்வது சட்டப்படி செல்லாது.

நாமினியும் இல்லை, கூட்டுக் கணக்கும் இல்லை என்றால்தான் வேலை கூடுகிறது. கடிதம் முழு பலத்தோடு இருக்க வேண்டியதும் அங்கேதான். ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இறந்துவிடுகிறார். ஒரு பொதுத்துறை வங்கியில் அவருக்குச் சேமிப்புக் கணக்கில் 1,82,000 ரூபாய் இருக்கிறது. 3,00,000, 2,00,000 என்று இரண்டு எஃப்.டி.க்கள். சேமிப்புக் கணக்கு பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது, நாமினி கிடையாது. எஃப்.டி.க்கள் இரண்டுக்கும் மனைவியை நாமினியாகப் போட்டிருந்தார். மனைவி அவருக்கு இரண்டு ஆண்டு முன்பே போய்விட்டார், பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நாமினி முன்னதாகவே இறந்துவிட்டால் அந்த வைப்பு நாமினி இல்லாத வைப்பாகவே கருதப்படும். ஆக மொத்தம் 6,82,000 ரூபாய், நாமினி இல்லாமல். குடும்பத்தில் இருப்பவர்கள் மகன், பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள், ஆசிரியரைப் பெற்ற எண்பத்தாறு வயதுப் பாட்டி.

இங்கே 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உதவிக்கு வருகின்றன. இறந்த வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் தீர்ப்பது பற்றி எல்லா வங்கிகளுக்கும் ஒரே நடைமுறையை வகுத்து, 2026 மார்ச் 31க்குள் அமலுக்குக் கொண்டுவரச் சொன்னது அது. நாமினி இல்லாத கணக்கானாலும், தொகை 15 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, வாரிசுகளுக்குள் தகராறும் இல்லையென்றால், எளிய நடைமுறையில் கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கக்கூடாது. கூட்டுறவு வங்கிகளுக்கு மட்டும் இந்த வரம்பு 5 லட்சம். நம் ஆசிரியர் இதே 6,82,000 ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் போட்டிருந்தால், வரம்பைத் தாண்டியிருப்பார். அப்போது வங்கி நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழைக் கேட்கலாம், கூடுதல் உறுதிமொழியும் ஜாமீனும் கேட்கலாம். ஒரு வங்கி விரும்பினால் வரம்பை இதைவிட உயர்த்திக்கொள்ளலாம். அதனால் கிளையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “உங்க வங்கியில வரம்பு எவ்வளவு சார்?”

தாசில்தார் கொடுப்பது வாரிசு சான்றிதழ். நீதிமன்றம் கொடுப்பது வாரிசுரிமைச் சான்றிதழ். முதலாவதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரித்த பிறகு வரும். இரண்டாவதற்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனு போட வேண்டும், நோட்டீஸ் போகும், கட்டணம் உண்டு, மாதக்கணக்கில் இழுக்கும். “கோர்ட்டுல வாங்கிட்டு வாங்க” என்று கவுன்ட்டரில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, தேவையே இல்லாமல் வக்கீலிடம் ஓடுகிறவர்கள் உண்டு. நம் ஆசிரியர் குடும்பத்துக்குத் தாசில்தார் சான்றிதழே போதும்.

அதுகூடத் தாமதமானால் இன்னொரு வழியும் அந்த வழிகாட்டுதலில் இருக்கிறது, கிளைகளில் இதை யாரும் முன்வந்து சொல்வதில்லை. குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, ஆனால் உறவில்லாத, வங்கி ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒருவர், “இவர்கள்தான் வாரிசுகள், வேறு யாரும் இல்லை” என்று உறுதிமொழி கொடுத்தால், அதை வாரிசு சான்றிதழுக்குப் பதிலாக ஏற்கலாம். ஆசிரியரோடு முப்பது வருஷம் வேலை பார்த்த தலைமையாசிரியர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால், அவர் இதற்குப் பொருத்தமானவர்.

இனி, வாரிசுகள் யார் என்ற கேள்வி. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மகன், மகள், மனைவி, தாய். தகப்பனார் இந்த முதல் வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். அப்பாவுக்கு முன்பே இறந்துபோன பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் குழந்தைகளும் வருவார்கள். எனவே நம் குடும்பத்தில் பங்கு மூன்று: மகன், மகள், பாட்டி. ஆளுக்கு 2,27,333 ரூபாயும் சில்லறையும். “கல்யாணத்துல தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு 1956இலிருந்தே உண்டு. 1989இல் தமிழகத்திலும் 2005இல் நாடு முழுவதும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த சேமிப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்குக் கணக்கு அவரவர் சட்டப்படி வேறுபடும். ஆனால் வங்கிக்குக் காட்ட வேண்டிய காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதிகம் விட்டுப்போகிறவர் பாட்டிதான். வயதானவர், கண் தெரியாது, வங்கிப் பக்கமே வந்ததில்லை என்று கடிதத்தில் அவரைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். தாசில்தார் சான்றிதழில் அவர் பெயர் இருக்கும், கடிதத்தில் இருக்காது. அந்த ஒரு முரண்பாடு போதும், கோப்பு மேசையிலேயே தங்கிவிடும். கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைக்கலாம், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திடுவது வழக்கம். அவரால் வரவே முடியாது என்றால் கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டு, எந்த முறையில் அவருடைய ஒப்புதலை ஏற்பீர்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

மகளும் பாட்டியும் இரண்டு வழியில் சேரலாம். மூவரும் கூட்டாகக் கோரலாம். அல்லது, “மகனிடமே கொடுத்துவிடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று இருவரும் எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது வழியில் கிளைக்கு வேலை குறைவு, மகனுக்கும் அலைச்சல் குறைவு. ஆனால் “நீ வாங்கிக்கோ அண்ணா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த ‘அப்புறம்’ வராமலே போன வீடுகள் நம் ஊரில் குறைவில்லை. என்னைக் கேட்டால் மூவரும் சேர்ந்து கோரி, அவரவர் கணக்கில் அவரவர் பங்கை வரவு வைக்கச் சொல்வதே நல்லது. மகள் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய காகிதங்களை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை அதிகம் இழுத்தடிப்பது பணத்தகராறு அல்ல, இனிஷியல். பாஸ்புக்கில் “ஆர். சுப்ரமணியன்”, ஆதாரில் “சுப்பிரமணியம் ராமசாமி”, இறப்புச் சான்றிதழில் வெறும் “சுப்ரமணி”. மருத்துவமனையிலோ மயானத்திலோ, அழுதுகொண்டிருந்த நேரத்தில் யாரோ சொன்ன பெயர் சான்றிதழில் ஏறிவிடுகிறது. அந்தச் சான்றிதழை வைத்துத் தாசில்தார் சான்றிதழ் வாங்கினால் அங்கேயும் அதே தவறு தொடர்கிறது. வங்கி கணினியில் இருக்கும் பெயரோடு இவை ஒத்துப்போகாதபோது, இறந்தவரும் கணக்குக்காரரும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் வருவது நியாயம்தானே?

இதற்குத் தீர்வு வரிசையில்தான் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும், வேறு எதற்கும் விண்ணப்பிக்கும் முன், அதை பாஸ்புக்குக்கும் ஆதாருக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பதிவாளரிடமே திருத்திக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்திருந்தால் பதிவுக்குச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் பதிவான சான்றிதழ்களை crstn.org தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். திருத்தின சான்றிதழைக் கொண்டுதான் வாரிசு சான்றிதழுக்குப் போக வேண்டும். பிழை சின்னதாக, இனிஷியல் விரிந்த அளவில் மட்டும் இருந்தால், “இந்த இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை” என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, கடிதத்தோடு இணைத்துவிடலாம். அதையும் மேலாளர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் முதலிலேயே வைப்பது புத்திசாலித்தனம். மகனின் ஆதாரிலும் அப்பா பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே கதை அங்கேயும் இருக்கும்.

இப்போது கடிதம். உண்மையில் எழுத வேண்டியவை இரண்டு. முதல் கடிதம் நாலு வரி போதும். அப்பா இறந்த தேதியைச் சொல்லி, இறப்புச் சான்றிதழ் நகலை வைத்து, அவர் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகள், வைப்புகள், லாக்கர், கடன், நாமினி விவரங்களையும் கோரிக்கைப் படிவத்தையும் கேட்பது. இதைக் கொடுத்ததும் கணக்கில் பற்று நின்றுவிடும். அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டிருந்த மின்கட்டணமோ தவணையோ இருந்தால் முன்னதாகவே வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவதுதான் பணத்தைக் கேட்கும் கடிதம். வங்கியின் அச்சிட்ட படிவத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் போகிறோம். அப்படியிருக்கக் கடிதம் எதற்கு? படிவத்தில் குடும்பத்தின் நிலையைச் சொல்ல இடம் போதாது. இணைத்த காகிதங்களை எண்ணிச் சொல்லவும் ஓரிடம் வேண்டும். நம் ஆசிரியரின் மகன் எழுதினால் இப்படி இருக்கும்:

அனுப்புநர்: மகனின் பெயர், முழு முகவரி, கைபேசி எண்.

பெறுநர்: கிளை மேலாளர், வங்கியின் பெயர், கிளை, கும்பகோணம்.

பொருள்: மறைந்த என் தந்தையின் வைப்புத் தொகைகளைச் சட்டப்படியான வாரிசுகளுக்கு வழங்கக் கோருதல் – சேமிப்புக் கணக்கு எண், எஃப்.டி. ரசீது எண்கள் இரண்டு.

ஐயா, வணக்கம்.

தங்கள் கிளையில் மேற்கண்ட கணக்குகளை வைத்திருந்த என் தந்தை இன்ன தேதியில் கும்பகோணத்தில் காலமானார். இது பற்றி ஏற்கெனவே இன்ன தேதியிட்ட கடிதத்தில் தெரிவித்துள்ளேன்.

சேமிப்புக் கணக்குக்கு நாமினி இல்லை. எஃப்.டி.க்கள் இரண்டுக்கும் நாமினியாக இருந்த என் தாயார், தந்தைக்கு முன்பே இன்ன தேதியில் காலமாகிவிட்டார். தந்தை உயில் எதுவும் எழுதவில்லை. அவருடைய சட்டப்படியான வாரிசுகள் மகனாகிய நான், என் தங்கை, என் தந்தையின் தாயார் ஆகிய மூவர் மட்டுமே. எங்களுக்குள் இந்தத் தொகை குறித்துத் தகராறோ நீதிமன்ற வழக்கோ இல்லை.

பாஸ்புக்கில் தந்தையின் பெயர் இனிஷியலோடும், ஆதாரில் விரிவாகவும் உள்ளது. இருவரும் ஒருவரே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்துள்ளேன்.

சேமிப்புக் கணக்கிலும் எஃப்.டி.க்களிலும் உள்ள அசல், வட்டி ஆகியவற்றை மூன்று சமபங்காகப் பிரித்து, இணைப்பில் உள்ள எங்கள் மூவரின் கணக்குகளில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எஃப்.டி.க்களை முதிர்வுக்கு முன் முடிக்கச் சம்மதிக்கிறோம். தந்தை இறந்த நாளுக்குப் பின் ஓய்வூதியம் எதுவும் வரவாகியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மேலும் ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இணைப்பு:
1. நிரப்பிய கோரிக்கைப் படிவம், மூவர் கையொப்பத்துடன்
2. தந்தையின் இறப்புச் சான்றிதழ் – நகல், அசல் சரிபார்க்க
3. தாயாரின் இறப்புச் சான்றிதழ் – நகல், அசல் சரிபார்க்க
4. தாசில்தார் வழங்கிய வாரிசு சான்றிதழ் – நகல், அசல் சரிபார்க்க
5. மூவரின் ஆதார், பான் அட்டை நகல்கள், புகைப்படங்கள்
6. வாரிசுகளின் ஈட்டுறுதிப் பத்திரம்
7. பெயர் வேறுபாடு குறித்த உறுதிமொழிப் பத்திரம்
8. பாஸ்புக், பயன்படுத்தாத காசோலைகள், ஏ.டி.எம். கார்டு
9. எஃப்.டி. ரசீதுகள் – அசல் 2
10. மூவரின் வங்கிக் கணக்கு விவரம், ரத்து செய்த காசோலையுடன்

இவ்வளவுதான். இதில் மூன்றாம் எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாமினி இறந்துவிட்டார் என்று வாயால் சொன்னால் போதாது, அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆறாவது எண்ணில் உள்ள ஈட்டுறுதிப் பத்திரம், பின்னால் வேறு யாராவது உரிமை கோரி வந்தால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டத்தை நாங்கள் ஈடுசெய்வோம் என்று வாரிசுகள் எழுதிக் கொடுப்பது. எந்த மதிப்பில் பத்திரத்தாள் வாங்க வேண்டும் என்று கிளையில் கேட்டுவிட்டே வாங்குங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் மதிப்புகள் சில ஆண்டுகளில் மாறியிருக்கின்றன, பழைய மதிப்பில் வாங்கினால் திருப்பி அனுப்புவார்கள். அசல் வாரிசு சான்றிதழைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது நிலத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இன்னும் வேண்டியிருக்கும். எஃப்.டி. ரசீது தொலைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். வைப்பு கணினியில் இருக்கும், ரசீது தொலைந்ததைக் கடிதத்தில் சொன்னால் அதற்கான படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள்.

“மேலும் ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் எழுத்தில் தெரிவிக்க” என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம், கடிகாரம். தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வங்கி தொகையைத் தீர்க்க வேண்டும். வங்கியின் பக்கத்துக் காரணத்தால் தாமதமானால், வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதம் சேர்த்து, தாமதமான நாட்களுக்கு வட்டி தர வேண்டும். வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 9.5 சதவீதம். 6,82,000 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 177 ரூபாய், முப்பது நாள் தாமதத்துக்கு 5,300 ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் “எல்லா ஆவணமும் வந்த நாள்” எது என்பதில்தான் சண்டை வரும். இன்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே போனால் கடிகாரம் ஓடத் தொடங்காது. கடிதத்தின் நகல் ஒன்றில், பத்து இணைப்புகளும் வரிசையாக இருக்கும் பக்கத்தில், கிளையின் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்கி வைத்தால், கடிகாரம் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தருவது வங்கியின் கடமை. “சீல் எல்லாம் வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்” என்று அன்பாகச் சொல்வார்கள். அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, சீலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கெடுக்கும் காரியம் ஒன்று கடிதத்துக்கு முன்பே நடந்துவிடுவதுண்டு. அப்பாவின் ஏ.டி.எம். பின் நம்பர் மகனுக்குத் தெரியும். காரியச் செலவுக்கு அவசரம் என்று இருபதாயிரம், முப்பதாயிரம் எடுத்துவிடுகிறார். எண்ணம் தப்பில்லை. ஆனால் கணக்குக்காரர் இறந்த பிறகு அந்தக் கார்டைப் பயன்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. அன்றிலிருந்து அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும் பொது. தங்கையோடு பின்னால் மனக்கசப்பு வந்தால், இந்த எடுப்புதான் புகாரின் முதல் வரியாக இருக்கும். எடுத்துவிட்டிருந்தால் தேதியையும் தொகையையும் கடிதத்தில் சொல்லி, மற்ற வாரிசுகளுக்குத் தெரிந்தே நடந்தது என்று அவர்கள் கையெழுத்தோடு எழுதிவிடுங்கள். ஸ்டேட்மென்டில் எப்படியும் தெரியத்தான் போகிறது.

ஓய்வூதியமும் அப்படியே. இறந்த செய்தி கருவூலத்துக்குப் போகாதவரை அடுத்த மாத ஓய்வூதியம் கணக்கில் வந்து விழும். அது குடும்பத்தின் பணமல்ல, அரசுக்குத் திரும்ப வேண்டியது. வங்கிக்குச் சொல்லும்போதே கருவூலத்துக்கும் தெரிவித்துவிட்டால், பிறகு பிடித்தம், விளக்கம் என்ற தொல்லை இருக்காது.

எஃப்.டி.க்களைப் பற்றி ஒரு வார்த்தை. வைப்பாளர் இறந்த பிறகு வாரிசுகள் முதிர்வுக்கு முன்பே முடித்தால் அபராதம் பிடிக்கக்கூடாது. வைப்பு ஓடிய காலத்துக்கான வட்டியோடு கொடுக்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் முடிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. பழைய நல்ல வட்டியில் போட்ட வைப்பாக இருந்தால், மொத்தத் தொகையும் முதிர்வுத் தேதியும் மாறாமல், வாரிசுகள் பெயரில் பிரித்துத் தரச் சொல்லலாம். அதை முன்கூட்டியே முடித்ததாகக் கருத மாட்டார்கள். ஆனால் இதைக் கடிதத்தில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காவிட்டால் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

சில வீடுகளில் அப்பாவின் பழைய பாஸ்புக் ஒன்று ஆண்டுகள் கழித்து டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவரும். பத்து ஆண்டுகளுக்கு மேல் இயக்கமில்லாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போயிருக்கும். போனாலும் உரிமை போவதில்லை. இதே கடிதத்தை, இதே இணைப்புகளோடு அதே வங்கியில்தான் கொடுக்க வேண்டும். வங்கி கொடுத்துவிட்டு ரிசர்வ் வங்கியிடம் வாங்கிக்கொள்ளும். எந்த வங்கி என்றே தெரியாவிட்டால் udgam.rbi.org.in தளத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடலாம். அங்கேயும் பெயரை நாலு விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும், இனிஷியல் வியாதி அங்கும் உண்டு.

எல்லாம் கொடுத்தும் கிளை அசையவில்லை என்றால், வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லையென்றாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அங்கே முதலில் கேட்பது அந்த முத்திரை போட்ட நகலைத்தான்.

பணம் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அப்பாவின் கணக்கை முடித்த தேதி வரையிலான ஸ்டேட்மென்டையும், இறந்த நாள் வரையிலான வட்டி எவ்வளவு, அதன்பின் எவ்வளவு என்ற சான்றையும் கேட்டு வாங்குங்கள். இறந்த நாள் வரையிலான வட்டி அப்பாவின் வருமானம். வரம்புக்கு மேல் இருந்தால் அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கை அவர் சார்பில் வாரிசுதான் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிந்தைய வட்டி வாரிசுகளின் வருமானத்தில் சேரும்.